1,65,000-ஆ, 1,50,000-ஆ? நேர்கோட்டுத் தேய்மானப் பதிவைச் சரிபார்ப்பது

கேள்வி: இன்வாய்ஸ்படி 13,20,000 விலையுள்ள ஓர் இயந்திரம். எஞ்சிய மதிப்பு 1,20,000, ஆயுள் 8 ஆண்டு என்று ஃபைலில் இருக்கிறது. நேர்கோட்டு முறை. நான் போட்டால் ஆண்டுக்கு 1,50,000 வருகிறது; ஆனால் மூன்று ஆண்டுகளாக 1,65,000 பதிவாகியிருக்கிறது. எஞ்சிய மதிப்பைக் கழிக்க மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். எஞ்சிய மதிப்பும் ஆண்டுகளும் சரியாக எடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று எப்படி உறுதிசெய்வது?

நீங்கள் சந்தேகப்படுவது நடந்திருக்கலாம். 13,20,000-ஐ அப்படியே எட்டால் வகுத்தால் 1,65,000 வருகிறது, அதனால் சந்தேகம் அங்கே போவது இயல்பு. ஆனால் அதே 1,65,000 வேறு வழிகளிலும் வரும். அவற்றில் ஒன்றில் பதிவு சரி, உங்கள் 1,50,000 தான் தவறு. தணிக்கையிலும் கணக்குப் பிரிவிலும் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தேய்மானத் தொகையை மட்டும் பார்த்து எந்த உள்ளீடு தவறியது என்று முடிவு கட்டாதீர்கள். அடக்கவிலை, எஞ்சிய மதிப்பு, ஆண்டுகள் என்ற மூன்று எண்களிலிருந்து ஓர் எண் பிறக்கிறது. பிறந்த ஓர் எண்ணை வைத்து அந்த மூன்றையும் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது.

முதலில் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். பதிவான தொகையை எடுத்துக்கொண்டு, ஒரு முறை எஞ்சிய மதிப்பு சரி என்று வைத்து ஆண்டுகளைக் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த முறை ஆண்டுகள் சரி என்று வைத்து எஞ்சிய மதிப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். எக்செல்லில் இது மூன்றே வரி:

```
=SLN(1320000,120000,8)
=(1320000-120000)/165000
=1320000-165000*8
```

முதல் வரி நீங்கள் போட்ட 1,50,000. இரண்டாவது வரி 7.27 ஆண்டு என்று காட்டும். யாரும் 7.27 ஆண்டு ஆயுள் என்று முடிவெடுப்பதில்லை. ஆகவே எஞ்சிய மதிப்பு 1,20,000 ஆகவே இருந்து ஆண்டு மட்டும் மாறியிருக்க வாய்ப்பு குறைவு. மூன்றாவது வரி பூஜ்யம். இப்படிப் பின்னமில்லாத முழு எண் எந்தப் பக்கம் விழுகிறதோ, பெரும்பாலும் அந்தப் பக்கத்து உள்ளீட்டைத்தான் முதலில் தோண்ட வேண்டும். ஆனால் இது ஒரு துப்பு மட்டுமே, சாட்சி அல்ல. SLN எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வரிசை அடக்கவிலை, எஞ்சிய மதிப்பு, ஆயுள் என்பதுதான். ஆயுளை மாதங்களில் 96 என்று கொடுத்தால் விடையும் மாதத்துக்கு 12,500 என்று வரும். ஆயுளை மாதத்தில் வைத்திருக்கும் மென்பொருளையும் ஆண்டில் வைத்திருக்கும் தாளையும் ஒப்பிடும்போது வீண் பதற்றம் வருவது இங்கேதான்.

இப்போது 1,65,000 வரக்கூடிய மற்ற வழிகளைப் பார்ப்போம். ஆயுள் 7 ஆண்டு, எஞ்சிய மதிப்பு 1,65,000 என்று எடுத்துப் பாருங்கள். 13,20,000-இல் 1,65,000 போக 11,55,000; ஏழால் வகுத்தால் மீண்டும் 1,65,000. இது தற்செயல் இல்லை. எஞ்சிய மதிப்பே இல்லாமல் எட்டு ஆண்டுக்குத் தேய்ப்பதும், கடைசி ஓர் ஆண்டுத் தேய்மானத்தை எஞ்சிய மதிப்பாக விட்டுவிட்டு ஏழு ஆண்டுக்குத் தேய்ப்பதும் முதல் ஏழு ஆண்டுகளில் வரிக்கு வரி ஒன்றே. ஏழாவது ஆண்டு முடிவில் இரண்டிலும் ஏட்டு மதிப்பு 1,65,000 தான். மூன்று ஆண்டுப் பதிவை வைத்துக்கொண்டு இவை இரண்டையும் யாராலும் பிரித்துக் காட்ட முடியாது.

அடுத்த வழிதான் உங்களுக்கு எதிராகத் திரும்பக்கூடியது. நீங்கள் எடுத்தது இன்வாய்ஸ் விலை. சொத்தின் அடக்கவிலை அது மட்டுமல்ல. இயந்திரத்தைக் கொண்டுவந்த செலவு, அடித்தளம் போட்டது, நிறுவியது, ஓட்டிப் பார்த்துச் சோதித்தது எல்லாம் அதில் சேரும். திரும்பப் பெறக்கூடிய வரி சேராது. இப்படிச் சேர்ந்த செலவுகள் 1,20,000 என்று வைத்துக்கொள்வோம். அடக்கவிலை 14,40,000, எஞ்சிய மதிப்பு 1,20,000 கழித்தால் 13,20,000, எட்டால் வகுத்தால் 1,65,000. எஞ்சிய மதிப்பு ஒழுங்காகக் கழிக்கப்பட்டிருக்கிறது, ஆண்டும் சரி, பதிவும் சரி. நிறுவும் செலவும் எஞ்சிய மதிப்பும் அருகருகே வரும் இடங்களில் இந்த மயக்கம் எளிதாக வரும். அதனால் எஞ்சிய மதிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, சொத்துப் பதிவேட்டில் உள்ள அடக்கவிலையையும் பேரேட்டில் இயந்திரக் கணக்கில் பற்று வைத்த தொகைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று ஆண்டு முடிவில் பதிவேடு காட்டும் ஏட்டு மதிப்பு 9,45,000 என்றால் விஷயம் இதுதான். 8,25,000 என்றால் அடக்கவிலை 13,20,000 ஆகவே எடுக்கப்பட்டிருக்கிறது. சந்தேகம் உயிரோடு இருக்கிறது.

இன்னொரு வழி மென்பொருள் அமைப்பிலிருந்து வருவது. குறைந்துசெல் மதிப்பு முறையின் ஒரு வகையில், அதாவது இரட்டை விகிதத்தில் போடும்போது, எஞ்சிய மதிப்பை ஆண்டுத் தேய்மானக் கணக்கில் கழிப்பதில்லை; ஏட்டு மதிப்பு அந்த இடத்துக்கு இறங்கியதும் நிறுத்திவிடுவார்கள். அங்கே எஞ்சிய மதிப்பு ஒரு தரைமட்டம் மாதிரி. நேர்கோட்டு முறையில் அது தரைமட்டம் அல்ல, முதல் நாளிலேயே கழிக்க வேண்டிய தொகை. சொத்து வகையின் முறையை இடையில் மாற்றினாலோ, எஞ்சிய மதிப்பைத் தவறான புலத்தில் நிரப்பினாலோ, நிரல் 13,20,000-ஐ எட்டால் வகுத்துக்கொண்டே போய், 1,20,000-இல் வந்து முட்டி நிற்கும். திரையில் எஞ்சிய மதிப்பு 1,20,000 என்றே தெரியும். ஆயுள் 8 என்றே தெரியும். இரண்டும் சரி, தொகை மட்டும் தவறு. பதிவேட்டுத் திரையை மட்டும் பார்த்து டிக் அடிப்பவர் இதைப் பிடிக்கவே மாட்டார்.

ஆக நான்கு கதைகள், ஒரே தொகை. இவற்றைப் பிரிக்க நான் கேட்கும் முதல் தாள், அந்த ஒரு சொத்துக்கான முழு ஆயுள் தேய்மான அட்டவணை: இதுவரை பதிவானதும், இனி வரப்போவதும், கடைசி வரி வரை. பெரும்பாலான சொத்துப் பதிவு மென்பொருள்கள் இதைத் தரும்; தராவிட்டால் சோதனைப் பிரதி ஒன்றில் எதிர்கால ஆண்டுகளை ஓடவிட்டுப் பார்க்கலாம். அட்டவணையில் எட்டாவது ஆண்டு வரியைப் பாருங்கள். அங்கேயும் 1,65,000 நின்று ஏட்டு மதிப்பு பூஜ்யத்தில் முடிந்தால், எஞ்சிய மதிப்பு எடுக்கப்படவில்லை. எட்டாவது வரியே இல்லாமல் ஏழாவது ஆண்டு 1,65,000-இல் முடிந்தால், வேறு ஆயுளும் வேறு எஞ்சிய மதிப்பும் பதிவேட்டில் உட்கார்ந்திருக்கின்றன. எட்டாவது ஆண்டு வெறும் 45,000 என்று வந்து 1,20,000-இல் நின்றால், தரைமட்டக் கோளாறு. எட்டு ஆண்டும் ஒரே 1,65,000 ஓடி, முடிவில் 1,20,000 நின்றால், அடக்கவிலை 14,40,000, பதிவில் தவறில்லை. முதல் மூன்று வரிகள் மறைத்ததைக் கடைசி வரி சொல்லிவிடும்.

இதுவரை சொன்னது வெறும் கணிதம், இதில் அபிப்பிராய பேதத்துக்கு இடமில்லை. எந்த உள்ளீடு எடுக்கப்பட்டது என்பது தெரிந்துவிடும். எடுக்கப்பட்ட உள்ளீடு எடுக்கத் தக்கதா என்பது வேறு விஷயம். அங்கே உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு. எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்றுதான் பேச முடியும்.

உங்கள் 1,20,000 எங்கிருந்து வந்தது? 'ஃபைலில் இருக்கிறது' என்கிறீர்கள். எந்த ஃபைல்? இயந்திரம் வாங்க அனுமதி கேட்டு எழுதிய குறிப்பில், முதலீடு எத்தனை ஆண்டில் திரும்பும் என்று காட்டப் போட்ட எண்ணாக இருந்தால், அது கணக்குக்கான மதிப்பீடு ஆகாது. விற்பனையாளர் கொடுத்த திரும்ப வாங்கும் கடிதமாக இருந்தால் அதற்கு எடை உண்டு, ஆனால் அதிலுள்ள நிபந்தனைகளையும் படிக்க வேண்டும். இன்னொரு சாத்தியம்: நிறுவனத்தின் கணக்குக் கொள்கையே, சிறு தொகையாக வரும் எஞ்சிய மதிப்பைப் பூஜ்யமாகக் கொள்ளலாம் என்று சொல்லியிருக்கலாம். சர்வதேசக் கணக்கியல் தரம் 16-உம் நடைமுறையில் எஞ்சிய மதிப்பு பெரும்பாலும் அற்பமாக இருக்கும், அதனால் தேய்மானத் தொகையைக் கணக்கிடுவதில் அது முக்கியமாவதில்லை என்றே சொல்கிறது. அப்படி எழுதி வைத்த கொள்கை இருந்தால், 1,65,000 மறதியல்ல, முடிவு. அடக்கவிலையில் 9 சதவீதத்துக்கு மேல் உள்ள தொகை அற்பம்தானா என்று அதன் பிறகு வாதிடலாம்; ஆனால் அந்த வாதம் வேறு.

அந்தத் தரம் எஞ்சிய மதிப்புக்குத் தரும் வரையறையில் இரண்டு விஷயங்களைப் பலர் தவறவிடுகிறார்கள். முதலாவது, அது எட்டு ஆண்டு கழித்துக் கிடைக்கப்போகும் விலை அல்ல. இந்த இயந்திரம் இன்றைக்கே எட்டு வயதாகி, அந்த வயதுக்குரிய நிலையில் இருந்தால், இன்று விற்றால் என்ன கிடைக்கும் என்பதுதான். எதிர்கால விலைவாசி உயர்வை அதில் ஏற்றக் கூடாது. எனவே ஆதாரம் தேடுவது எளிது: இதே வகை இயந்திரம், எட்டு ஆண்டு ஓடியது, இன்று என்ன விலைக்குக் கைமாறுகிறது? இரண்டாவது, விற்கும் செலவு போன நிகரத் தொகை அது. பழைய இயந்திரம் இன்று 1,60,000-க்குப் போகிறது, கழற்றி எடுத்து அனுப்பும் செலவு 40,000 நம் தலையில் என்றால், எஞ்சிய மதிப்பு 1,20,000. யாராவது 1,60,000 என்று எழுதியிருந்தால் செலவைக் கழித்தார்களா என்று கேளுங்கள். எல்லாச் சொத்துக்கும் அடக்கவிலையில் 5 சதவீதம் அல்லது 10 சதவீதம் என்று ஒரே கோடாகப் போட்டிருந்தாலும் கேளுங்கள். அது தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கணினியும் கனரக இயந்திரமும் ஒரே விகிதத்தில் விலைபோகும் என்பதற்கு யாரும் ஆதாரம் காட்டி நான் பார்த்ததில்லை.

ஆண்டுகள் பக்கம் வருவோம். என் அனுபவத்தில் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். காரணத்தை உங்கள் எண்களிலேயே காணலாம். எஞ்சிய மதிப்பில் 30,000 தவறினால், அதாவது கால் பங்கு தவறினால், ஆண்டுத் தேய்மானம் 3,750 தான் மாறும். ஆயுளை எட்டுக்குப் பதில் ஏழு என்று எடுத்தால் 1,71,429 ஆகிவிடும். ஒரே ஓர் ஆண்டு வித்தியாசத்துக்கு 21,429. ஆயுள் குறுகியதாக இருந்தால் தாக்கம் இன்னும் கூடும். எட்டிலிருந்து ஏழுக்கு வருவதைவிட நாலிலிருந்து மூன்றுக்கு வருவது பெரிய அடி. இது இயந்திரத்துக்குப் பொருந்தும். சில ஆண்டுகள் ஓட்டிவிட்டு நல்ல விலைக்கு விற்கும் வாகனங்களுக்குப் பொருந்தாது. அங்கே எஞ்சிய மதிப்பு அடக்கவிலையில் பெரும் பங்கு என்பதால் அதுவே தொகையை ஆட்டிவைக்கும்.

ஆயுள் என்பது இயந்திரம் எத்தனை ஆண்டு ஓடும் என்பதல்ல. இந்த நிறுவனம் எத்தனை ஆண்டு இதை வைத்து ஓட்டும் என்பது. தயாரிப்பாளர் கையேட்டில் 15 ஆண்டு என்று போட்டிருக்கலாம். நிறுவனம் எட்டாவது ஆண்டில் மாற்றிவிடுவது வழக்கம் என்றால் ஆயுள் எட்டுதான். ஒரு ஷிஃப்டுக்கு என்று மதிப்பிட்ட இயந்திரம் இப்போது இரண்டு ஷிஃப்ட் ஓடினால், அந்த எட்டு இன்னும் நிற்குமா என்று பராமரிப்புப் பொறியாளரிடம் கேட்க வேண்டும்; கணக்குப் பிரிவுக்குள்ளேயே கேட்டுக்கொண்டு பயனில்லை. இயந்திரம் குத்தகை இடத்தில் நிரந்தரமாகப் பதிக்கப்பட்டு, குத்தகை ஆறு ஆண்டில் முடிந்து நீட்டிக்க வாய்ப்பில்லை என்றால், எட்டு என்ற எண்ணுக்கு யாராவது விளக்கம் சொல்லியாக வேண்டும்.

இங்கே ஒரு சோதனை இருக்கிறது. பலர் செய்வதில்லை, ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. ஆயுளும் எஞ்சிய மதிப்பும் ஒரே கதையிலிருந்து வந்தவையா என்று பார்ப்பது. எட்டு ஆண்டில் மாற்றுவோம் என்று ஒருவர் ஆயுளை முடிவு செய்திருப்பார். எஞ்சிய மதிப்பை இன்னொருவர், 15 ஆண்டு ஓடித் தேய்ந்து இரும்பு விலைக்குப் போகும் இயந்திரத்தை மனத்தில் வைத்துப் போட்டிருப்பார். தனித்தனியாகக் கேட்டால் இருவரும் நியாயம் சொல்வார்கள். சேர்த்துப் பார்த்தால், இன்னும் ஏழு ஆண்டு உழைக்கக்கூடிய இயந்திரத்தைப் பழைய இரும்பு விலைக்கு விற்கிறார்கள். ஆயுளைக் குறைத்தால் எஞ்சிய மதிப்பு கூட வேண்டும், ஆயுளை நீட்டினால் குறைய வேண்டும். சென்ற ஆண்டு ஆயுளை மட்டும் மாற்றி எஞ்சிய மதிப்பைத் தொடாமல் விட்டிருந்தால், அது நான் கட்டாயம் கேள்வி கேட்கும் இடம்.

ஆயுள் மதிப்பீடு நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு நிறுவனத்தின் சொந்த வரலாறே ஓரளவு பதில் சொல்லும். கடந்த சில ஆண்டுகளில் இதே வகையில் விற்ற அல்லது கழித்துக்கட்டிய இயந்திரங்களை எடுத்து, ஒவ்வொன்றும் எந்த வயதில் போனது, விற்றபோது லாபமா நஷ்டமா என்று பாருங்கள். ஒன்றிரண்டில் லாபமும் ஒன்றிரண்டில் நஷ்டமும் இருந்தால் மதிப்பீடு சுமாராகச் சரி. விற்பவை எல்லாம் நஷ்டத்திலேயே போனால், தேய்மானம் மெதுவாகப் போடப்படுகிறது: ஆயுள் நீளம், அல்லது எஞ்சிய மதிப்பு அதிகம், அல்லது இரண்டும். எல்லாமே லாபம் என்றால் நேர் எதிர். முழுவதும் தேய்ந்து ஏட்டில் பூஜ்யமாகிவிட்ட இயந்திரங்கள் தளத்தில் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தால், ஆயுள் குறைவாக எடுக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அதைவிடக் கண்கூடான அடையாளம் இல்லை. ஆனால் இரண்டு மூன்று விற்பனையை வைத்துப் பெரிய முடிவுக்குப் போகாதீர்கள். அவசரத்தில் விற்ற ஒன்று மொத்தப் படத்தையும் கெடுத்துவிடும்.

ஆண்டுகளை எண்ணுவதிலேயே ஒரு குழப்பம் உண்டு. உங்களுக்கு மூன்று ஆண்டும் முழுத் தொகை பதிவாகியிருப்பதால், இயந்திரம் நிதியாண்டின் தொடக்கத்திலேயே தயாராகிவிட்டது போலிருக்கிறது. இல்லையென்றால் முதல் ஆண்டுத் தொகையே கேள்விக்குரியது. தேய்மானம் தொடங்குவது பணம் கொடுத்த நாளிலோ இன்வாய்ஸ் நாளிலோ அல்ல. பயன்படுத்தத் தயாராக, உரிய இடத்தில் உரிய நிலையில் நின்ற நாளில். அந்த நாள், முதல் நிதியாண்டு முடிய ஐந்து மாதம் இருக்கும்போது வந்திருந்தால், உங்கள் எண்களின்படி முதல் ஆண்டுக்கு 62,500, பிறகு ஏழு ஆண்டுகளுக்கு 1,50,000, கடைசியில் மீதி ஏழு மாதத்துக்கு 87,500. கூட்டினால் 12,00,000 சரியாக வரும். ஆனால் பதிவு ஒன்பது நிதியாண்டுகளில் பரவியிருக்கும். இதைப் பார்த்துவிட்டு 'ஒன்பது ஆண்டு எடுத்திருக்கிறார்கள்' என்று குறிப்பெழுதியவர்களும் உண்டு. சில நிறுவனங்கள் முதல் ஆண்டு அரை ஆண்டு என்று கொள்கை வைத்திருக்கும். தொகை சிறியதாக இருக்கும்வரை அதைப் பொதுவாக ஏற்பார்கள். இடையில் இயந்திரம் சில மாதம் சும்மா நின்றது என்பதற்காகவும் நேர்கோட்டுத் தேய்மானம் நிற்காது.

வரிக்கணக்கை இதில் கலக்காதீர்கள். வரிச் சட்டம் சொல்லும் விகிதமும் ஆண்டும் நாட்டுக்கு நாடு வேறு, நிறுவனக் கணக்கின் மதிப்பீட்டுக்கும் அதற்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. சில நாடுகளில் நிறுவனச் சட்டமே சொத்து வகைக்கு ஓர் ஆயுள் அட்டவணை தருகிறது. உங்கள் நாட்டில் அப்படி இருந்தால் 8 என்பது அங்கிருந்து எடுத்ததா, விலகியிருந்தால் காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் கேள்வியில் நாடு இல்லை, அதனால் அதற்குள் போகவில்லை.

சரி, எட்டாவது வரியைப் பார்த்தீர்கள், பூஜ்யத்தில் முடிகிறது, எஞ்சிய மதிப்பு எடுக்கப்படவில்லை என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே 1,50,000 ஆக மாற்றிவிடலாமா? அதுவும் இன்னொரு கேள்வியைப் பொறுத்தது. இயந்திரம் வாங்கிய காலத்திலேயே 1,20,000 என்று முறையாக மதிப்பிட்டு ஒப்புதலும் ஆகி, பதிவேட்டில் ஏற்ற மறந்திருந்தால் அது பிழை. மூன்று ஆண்டில் 4,50,000 இருக்க வேண்டிய குவிந்த தேய்மானம் 4,95,000 ஆக இருக்கிறது. அதிகப்படியான 45,000-இல் 15,000 இந்த ஆண்டுடையது. ஏடு இன்னும் முடிக்கப்படவில்லை என்றால் குவிந்த தேய்மானத்தைப் பற்று வைத்து, தேய்மானச் செலவை வரவு வைத்துத் திருப்பிவிடலாம். முந்தைய இரண்டு ஆண்டின் 30,000 பெரிய தொகையா என்பது நிறுவனத்தின் அளவைப் பொறுத்தது. பெரிது என்றால் பழைய ஆண்டு எண்களையும் தொடக்க இருப்பு லாபத்தையும் திருத்திக் காட்ட வேண்டும். சிறிது என்றால் பெரும்பாலும் இந்த ஆண்டிலேயே சரிக்கட்டுவார்கள். எது பெரிது என்பதை வெளியிலிருந்து நான் சொல்ல முடியாது, உங்கள் தணிக்கையாளரோடு பேசி முடிவெடுக்க வேண்டியது.

மாறாக, அன்றைக்கு எஞ்சிய மதிப்பு பூஜ்யம் என்றே யோசித்து முடிவெடுத்து, இந்த ஆண்டுதான் பழைய இயந்திரங்கள் நல்ல விலைக்குப் போகின்றன என்று தெரிந்து 1,20,000 என்று மாற்றினால், அது பிழையல்ல, மதிப்பீட்டு மாற்றம். எஞ்சிய மதிப்பையும் ஆயுளையும் குறைந்தது ஒவ்வொரு நிதியாண்டு முடிவிலும் திரும்பப் பார்க்க வேண்டும் என்று தரம் 16 சொல்வது இதற்காகத்தான். இந்த மாற்றம் முன்னோக்கி மட்டுமே செல்லும். கடந்ததைத் தொடக் கூடாது. மாற்றத்தை மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து கொண்டால், அன்றைய ஏட்டு மதிப்பு 9,90,000. அதில் 1,20,000 கழித்தால் 8,70,000. மீதி ஆயுள் ஆறு ஆண்டு. ஆண்டுக்கு 1,45,000. உங்கள் 1,50,000-உம் இல்லை, அவர்களின் 1,65,000-உம் இல்லை.

இந்தக் கடைசி வகுத்தலில்தான் ஆண்டு எண் அடிக்கடி தவறுகிறது. பதிவேட்டில் ஆயுள் 8 என்று இருப்பதால், 8,70,000-ஐ எட்டால் வகுத்து 1,08,750 என்று போட்டுவிடுவார்கள். மீதி ஆறு ஆண்டும் அப்படியே ஓடினால் எட்டாம் ஆண்டு முடிவில் ஏட்டு மதிப்பு 3,37,500 நிற்கும். 1,20,000-க்கு விற்கப்போகும் இயந்திரத்துக்கு அது பொய்யான எண். ஏட்டு மதிப்பிலிருந்து தொடங்கினால் மீதி ஆண்டால் வகுக்க வேண்டும், மொத்த ஆண்டால் வகுப்பதென்றால் மூல அடக்கவிலையிலிருந்து தொடங்க வேண்டும். மென்பொருளில் எஞ்சிய மதிப்பை மாற்றும்போது அது எந்த வழியில் மறுகணக்குப் போடுகிறது என்று முதலில் ஒரு சொத்தில் மட்டும் மாற்றிப் பாருங்கள். சில மென்பொருள்கள் வாங்கிய நாளிலிருந்தே மீண்டும் கணக்கிட்டு, பழைய ஆண்டுகளின் வித்தியாசம் முழுவதையும் மாற்றிய மாதத்திலேயே கொட்டிவிடும். உங்கள் எண்களில் அப்படி நடந்தால் முதல் இரண்டு ஆண்டின் 30,000 ஒரே மாதத்தில் எதிர்மறைத் தேய்மானமாக வந்து நிற்கும். அதைப் பார்த்தால், மதிப்பீட்டு மாற்றத்தைப் பிழைத் திருத்தம் மாதிரி நிரல் கையாண்டிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

அட்டவணையை எடுத்ததும் எட்டாவது வரியில் என்ன இருக்கிறது, பதிவேட்டில் அடக்கவிலை எவ்வளவு, 1,20,000 எழுதிய தாளின் தேதி என்ன என்ற மூன்றையும் இங்கே போடுங்கள். அதற்கு மேல் எது பிழை, எது மதிப்பீடு என்று இன்னும் திட்டமாகச் சொல்லலாம்.